சமையல் எண்ணெய் விலையும் காலாவதியான கணக்கும்: தவறு திட்டத்திலா, செயற்பாட்டிலா?

2022ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தபோது, உலகச் சந்தைக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் ஏறத்தாழ பாதியை உக்ரைனே ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. ரஷ்யாவையும் சேர்த்தால் அந்தப் பங்கு நான்கில் மூன்றை நெருங்கியது. கருங்கடல் துறைமுகங்கள் மூடப்பட்ட சில வாரங்களிலேயே விலை எகிறியது. ஐ.நா.வின் உணவு மற்றும் விவசாய அமைப்பு 1990 முதல் கணித்து வரும் தாவர எண்ணெய் விலைக் குறியீடு, அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை விதித்து, மே மாதத்தின் பிற்பகுதியில் அதை விலக்கிக்கொண்டது. பிரிட்டனின் சில பேரங்காடிகள் ஒருவர் வாங்கக்கூடிய எண்ணெய்ப் புட்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தன.

இவையெல்லாம் அந்நாட்களில் செய்திகளில் விரிவாகவே இடம்பெற்றன. செய்திகளில் வராத ஒரு சிக்கல் தொழிற்சாலைகளின் கணக்குப் பிரிவுகளில் எழுந்தது. 2021ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் தீர்மானிக்கப்பட்ட எண்ணெய் விலையை அளவுகோலாக வைத்து, 2022 ஏப்ரலில் எண்ணெய் வாங்கிய அதிகாரியின் திறமையை அளக்க முடியுமா என்பதே அந்தச் சிக்கல்.

அளவுகோல் எப்படி உருவாகிறது?

உற்பத்தி நிறுவனங்கள் பலவும் நிதியாண்டு தொடங்கும் முன்பே, ஒரு பொருளைத் தயாரிக்க எவ்வளவு மூலப்பொருள் தேவை, அதை என்ன விலைக்கு வாங்க வேண்டும் என்று வகுத்துக்கொள்கின்றன. இதை நியமச் செலவு என்பார்கள். இலங்கையின் பாடநூல்களில் இது நியமக் கிரயம். மாத இறுதியில் உண்மைச் செலவுக்கும் நியமச் செலவுக்கும் இடையிலான வித்தியாசம் கணக்கிடப்படுகிறது. இதற்கு மாறுபாடு என்று பெயர். செலவு கூடினால் அது பாதகமான மாறுபாடு, குறைந்தால் சாதகமானது. விலையால் வந்த வித்தியாசம் கொள்முதல் அதிகாரியின் பெயரிலும், பயன்படுத்திய அளவால் வந்த வித்தியாசம் உற்பத்தி மேலாளரின் பெயரிலும் எழுதப்படும்.

அளவுகோல் சரியாக இருக்கும் வரை இந்த ஏற்பாடு நன்றாகவே இயங்கும். அளவுகோலே பழையதாகிவிட்டால், அறிக்கையில் தெரிவது அதிகாரியின் செயலா அல்லது உலகச் சந்தையின் ஏற்றமா என்று பிரித்தறிய வழியில்லை.

அமெரிக்கக் கணக்கியல் அறிஞர் ஜோயல் டெம்ஸ்கி 1967இல் 'தி அக்கவுண்டிங் ரிவியூ' இதழில் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு வழியைக் காட்டியது. காலம் முடிந்த பிறகு, அப்போது தெரியவந்த நிலவரங்களைக் கொண்டு, 'உண்மையில் எந்த நியமம் இருந்திருக்க வேண்டும்' என்று திரும்பிப் பார்த்து ஒரு திருத்திய நியமத்தை அமைப்பதே அதன் அடிப்படை. பழைய நியமத்துக்கும் திருத்திய நியமத்துக்கும் இடையிலான வித்தியாசம் திட்டமிடல் மாறுபாடு ஆகும். திருத்திய நியமத்துக்கும் உண்மைக்கும் இடையிலானது செயற்பாட்டு மாறுபாடு. கொழும்பிலும் கோலாலம்பூரிலும் லண்டனிலும் முகாமைக் கணக்கியல் தேர்வு எழுதும் தமிழ் மாணவர்கள் இதை ஒரு சூத்திரமாகப் படித்துவிடுகிறார்கள். ஆனால் இதன் கடினமான பகுதி சூத்திரத்தில் இல்லை.

ஒரு தொழிற்சாலையின் ஏப்ரல் மாதம்

இங்கிலாந்தில் உருளைக்கிழங்கு சிப்ஸ் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்வோம். கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. விலைகள் நகர்ந்த திசை மட்டுமே 2022இன் உண்மை நிலவரத்தைத் தழுவியது.

ஒரு கிலோ சிப்ஸுக்கு 0.35 கிலோ சூரியகாந்தி எண்ணெய் தேவை என்பதும், எண்ணெயின் விலை கிலோவுக்கு 1.20 பவுண்ட் என்பதும் 2021 நவம்பரில் வகுக்கப்பட்ட நியமம். 2022 ஏப்ரலில் 1,00,000 கிலோ சிப்ஸ் தயாரானது. அதற்கு நியமப்படி 35,000 கிலோ எண்ணெயும் 42,000 பவுண்டும் செலவாகியிருக்க வேண்டும். உண்மையில் 36,000 கிலோ எண்ணெய் வாங்கப்பட்டு, அவ்வளவும் அந்த மாதமே பயன்படுத்தப்பட்டது. விலை கிலோவுக்கு 1.98 பவுண்ட், மொத்தச் செலவு 71,280 பவுண்ட். ஆகவே 29,280 பவுண்ட் பாதகமான மாறுபாடு.

வழக்கமான அறிக்கை இதை இரண்டாகப் பிரிக்கும். வாங்கிய 36,000 கிலோவுக்கும் கிலோவுக்கு 78 பென்ஸ் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. எனவே கொள்முதல் அதிகாரியின் பெயரில் 28,080 பவுண்ட் பாதகம். 1,000 கிலோ எண்ணெய் கூடுதலாகச் செலவானது. அதைப் பழைய விலையான 1.20ஆல் பெருக்கினால் உற்பத்தி மேலாளரின் பெயரில் 1,200 பவுண்ட் பாதகம். இந்த அறிக்கையை வாசிக்கும் இயக்குநர் யாரை அழைத்து விளக்கம் கேட்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது திருத்திய நியமத்தைக் கொண்டு பார்க்கலாம். ஏப்ரல் மாத விநியோகத்துக்கு ஒப்பந்தம் செய்த நேரத்தில், அதே தர எண்ணெயின் சந்தை விலை கிலோவுக்கு 2.05 பவுண்டாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். நியம அளவான 35,000 கிலோவுக்கு, 1.20க்கும் 2.05க்கும் இடையிலான 85 பென்ஸ் வித்தியாசம் 29,750 பவுண்ட். இது திட்டமிடல் மாறுபாடு. இதற்குக் கொள்முதல் அதிகாரியோ உற்பத்தி மேலாளரோ பொறுப்பல்ல.

எஞ்சியதே செயற்பாடு. கொள்முதல் அதிகாரி சந்தை விலையைவிட 7 பென்ஸ் குறைவாக 36,000 கிலோ வாங்கியிருக்கிறார். அவருடைய பெயரில் இப்போது 2,520 பவுண்ட் சாதகமான மாறுபாடு. உற்பத்தி மேலாளர் கூடுதலாகச் செலவழித்த 1,000 கிலோவின் மதிப்போ கிலோவுக்கு 2.05 வீதம் 2,050 பவுண்ட். 29,750 பவுண்ட் பாதகத்திலிருந்து 2,520ஐக் கழித்து 2,050ஐக் கூட்டினால் அதே 29,280 பவுண்ட் கிடைக்கிறது. மொத்தத் தொகை மாறவில்லை. ஆனால் குற்றவாளியாகத் தெரிந்தவர் நிறுவனத்துக்குப் பணம் மிச்சப்படுத்தியவராகிறார்.

இதில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு தொகை உண்டு. உற்பத்தி மேலாளரின் பாதகம் 1,200இலிருந்து 2,050ஆக, அதாவது 850 பவுண்ட் கூடியிருக்கிறது. இந்த 850 பவுண்ட் எங்கிருந்து வந்தது? கூடுதலாகச் செலவான 1,000 கிலோவுக்கும் விலையேற்றமான 85 பென்ஸைக் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய அறிக்கை அந்தத் தொகையையும் கொள்முதல் அதிகாரியின் கணக்கில் எழுதியிருந்தது. வறுக்கும் கலனில் வெப்பநிலை தவறியதாலோ, எண்ணெயை மாற்ற வேண்டிய நேரத்துக்கு முன்பே வெளியேற்றியதாலோ வீணான எண்ணெய்க்கு, அதை வாங்கியவர் பொறுப்பேற்றிருந்தார். விலை உயரும் காலத்தில் வீணடிப்பைப் பழைய நியமம் மலிவாகக் காட்டுகிறது. எண்ணெய் மிக விலையுயர்ந்த பொருளாக இருக்கும் அதே மாதத்தில், அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தூண்டும் எச்சரிக்கை மங்கிவிடுகிறது.

எனினும் உற்பத்தி மேலாளர் ஒரு நியாயமான கேள்வியை எழுப்பலாம். "விலை 2.05 ஆகிவிட்டது என்று எனக்கு யார் சொன்னது?" என்று அவர் கேட்டால், நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். மாதம் முடிந்த பின் அமைக்கப்படும் நியமம் தீர்ப்புச் சொல்ல உதவும், ஆனால் மாதத்தின் நடுவில் எடுக்கப்படும் முடிவுகளை அதனால் மாற்ற முடியாது. விலை வேகமாக நகரும் காலத்தில், மாதத் தொடக்கத்திலேயே இடைக்கால விலையை உற்பத்திப் பிரிவுக்கு அறிவித்துவிட்டு, அந்த விலையில் அவருடைய பயன்பாட்டை மதிப்பிடுவதே நேர்மையான நடைமுறை என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து.

யாருடைய விலை, எந்த நாளின் விலை?

மேற்கண்ட கணக்கில் எல்லாமே 2.05 என்ற ஒரே எண்ணின் மீது நிற்கின்றன. அதை 1.90 என்று மாற்றிப் பாருங்கள். திட்டமிடல் மாறுபாடு 24,500 பவுண்டாகக் குறையும். உற்பத்தி மேலாளரின் பாதகம் 1,900 ஆகும். கொள்முதல் அதிகாரியின் 2,520 பவுண்ட் சாதகம் மறைந்து, 2,880 பவுண்ட் பாதகம் தோன்றும். மொத்தம் இப்போதும் 29,280தான். சந்தை விலை பற்றிய மதிப்பீட்டில் 15 பென்ஸ் வேறுபாடு, ஒருவரைப் பாராட்டுக்குரியவர் என்பதிலிருந்து கண்டனத்துக்குரியவர் என்ற நிலைக்குத் தள்ளிவிடுகிறது. அதனால்தான் இது கணக்கியல் கேள்வி என்பதோடு பொறுப்புக்கூறல் பற்றிய கேள்வியாகவும் இருக்கிறது.

சந்தை விலை என்று நாளிதழில் வரும் ஒரு எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஐரோப்பாவில் சூரியகாந்தி எண்ணெய்க்கு மேற்கோள் காட்டப்படும் விலை பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாத எண்ணெய்க்கானது. வடமேற்கு ஐரோப்பியத் துறைமுகங்களில், ஒரு டன்னுக்கு டாலரில் சொல்லப்படுவது. நமது தொழிற்சாலை வாங்குவதோ சுத்திகரிக்கப்பட்டு, இங்கிலாந்தில் உள்ள அதன் வாயிலில் இறக்கப்படும் எண்ணெயை, பவுண்டில். இரண்டுக்கும் இடையே சுத்திகரிப்புக் கட்டணம், போக்குவரத்து, நாணய மாற்று விகிதம் ஆகிய மூன்றும் நிற்கின்றன. இவற்றை எப்படிச் சேர்ப்பது என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டால் பின்னர் பேரம் பேச இடமிருக்காது. விலை உயர்ந்த பிறகு தீர்மானிக்கலாம் என்று விட்டால், யாருடைய குரல் உரத்ததோ அவருடைய எண்ணே திருத்திய நியமமாகும்.

அடுத்தது, எந்த நாளின் விலை என்பது. எண்ணெய் ஏப்ரலில் தொழிற்சாலைக்கு வந்தாலும், விலை ஒப்பந்தம் மார்ச் நடுவில் செய்யப்பட்டிருக்கலாம், ஜனவரியிலேயே கூடச் செய்யப்பட்டிருக்கலாம். கொள்முதல் அதிகாரியின் பேரத் திறமையை அளக்க வேண்டுமானால், அவர் கையெழுத்திட்ட நாளில் சந்தையில் கிடைத்த விலையுடன் ஒப்பிட வேண்டும். ஜனவரியில் 1.30க்கு ஒப்பந்தம் செய்தவரை ஏப்ரலின் 2.05உடன் ஒப்பிட்டால், போர் வரும் என்று அவர் முன்கூட்டியே அறிந்திருந்ததுபோல ஒரு பொய்யான வெற்றி கணக்கில் தோன்றும். எவ்வளவு காலத்துக்கு முன்பே ஒப்பந்தம் செய்வது என்பது நிறுவனத்தின் கொள்கையாக இருந்தால், அந்த ஆதாயம் கொள்கையை வகுத்தவர்களுக்கே உரியது. அதை அவர் விருப்பத்துக்கு விட்டிருந்தால் மட்டுமே அது அவருடையது.

மாற்றுப் பொருள் கிடைக்கும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. 2022 மார்ச் மாதத்தின் பிற்பகுதியில் பிரிட்டனின் உணவுத் தர முகமை, சூரியகாந்தி எண்ணெய்க்குப் பதிலாகச் சுத்திகரிக்கப்பட்ட ரேப்சீட் எண்ணெயைப் பயன்படுத்தும் சில உணவுப் பொருட்கள், பழைய லேபிளுடனேயே தற்காலிகமாக விற்பனைக்கு வரலாம் என்று அறிவித்தது. கடுகு இனச் செடியின் விதையிலிருந்து எடுக்கப்படும் அந்த எண்ணெய் ஐரோப்பாவில் தாராளமாக விளைகிறது. அப்படியானால் ஏப்ரலுக்கான திருத்திய நியமம் எந்த எண்ணெயை அடிப்படையாகக் கொள்ள வேண்டும்? ரேப்சீட் மலிவாக இருந்து, நியமம் சூரியகாந்தியிலேயே நின்றால், மாறாமல் இருந்த அதிகாரியின் தயக்கம் வெளியே தெரியாது. நியமத்தை ரேப்சீட்டுக்கு மாற்றினால், அறிவிப்பு வரும் முன்பே மார்ச் நடுவில் ஒப்பந்தம் செய்தவர் தண்டிக்கப்படுவார். முடிவெடுத்த நாளில் அவருக்குத் திறந்திருந்த வழிகள் எவையோ, அவற்றை மட்டுமே திருத்திய நியமம் கணக்கில் கொள்ள வேண்டும். பின்னால் வந்த அறிவை முன்னால் நடந்த செயலின் மீது ஏற்றுவது இந்த முறையின் மிகப் பெரிய ஆபத்து.

உரிமையாளர் இல்லாத 29,750 பவுண்ட்

திட்டமிடல் மாறுபாட்டுக்கு மேலாளர் எவரும் பொறுப்பல்ல என்று சொன்னவுடன், அதை அறிக்கையின் அடியில் எழுதிவிட்டு மறந்துவிடும் வழக்கம் உண்டு. அரசியலில் எல்லாத் தோல்விகளுக்கும் சர்வதேச நிலவரத்தைக் காரணம் காட்டும் அமைச்சர்களை நாம் கண்டிருக்கிறோம். தொழிற்சாலைகளிலும் அதே மரபு எளிதில் வேரூன்றுகிறது.

அந்தத் தொகையை இன்னும் ஒரு முறை பிரித்துப் பார்க்க வேண்டும். நியமம் வகுக்கப்பட்ட 2021 நவம்பரிலேயே இந்த எண்ணெயின் சந்தை விலை 1.30 பவுண்டாக இருந்தது என்றும், திட்டப் பிரிவு முந்தைய ஆண்டின் 1.20ஐ அப்படியே பதிவு செய்துவிட்டது என்றும் கொள்வோம். அப்போது 29,750இல், கிலோவுக்கு 10 பென்ஸ் வீதம் 3,500 பவுண்ட், திட்டமிட்டவர்கள் கவனித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய பிழை. எஞ்சிய 26,250 பவுண்ட் எவராலும் முன்னறிய முடியாத போரின் விளைவு. முதல் பகுதிக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் திட்டப் பிரிவில் அமர்ந்திருக்கிறார்கள். நடைமுறையில் திருத்திய நியமத்தைத் தயாரிப்பதும் பெரும்பாலும் அதே பிரிவு என்பதால், இந்தப் பகுதி தானாக வெளியே வருவதில்லை.

இரண்டாவது பகுதிக்குக் குற்றம் சாட்ட எவரும் இல்லை என்றாலும், அதன் மீது எடுக்க வேண்டிய முடிவு ஒன்று உண்டு. கிலோவுக்கு 85 பென்ஸ் எண்ணெய் விலையேற்றம் என்பது ஒரு கிலோ சிப்ஸில் 29.75 பென்ஸ், 150 கிராம் பொட்டலத்தில் ஏறத்தாழ நாலரை பென்ஸ். பேரங்காடிகளுடன் விற்பனை விலை ஒப்பந்தம் பழைய 1.20ஐ அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டிருந்தால், ஒவ்வொரு பொட்டலத்திலும் இந்த நாலரை பென்ஸ் கரைந்துகொண்டிருக்கிறது. விற்பனைப் பிரிவு மறுபேச்சுக்குச் செல்லும்போது கையில் எடுத்துச் செல்ல வேண்டிய எண் இதுவே. 28,080 பவுண்ட் என்ற பழைய மாறுபாட்டுடன் சென்றால், "உங்கள் கொள்முதல் சரியில்லை" என்ற பதில் கிடைக்கக்கூடும்.

இருப்பில் உள்ள பொருளின் மதிப்பையும் இது தொடுகிறது. நியமச் செலவைக் கொண்டு இருப்பை மதிப்பிடச் சர்வதேசக் கணக்கியல் நியமம் 2 அனுமதிக்கிறது. ஆனால் அது உண்மைச் செலவை ஒட்டியதாக இருக்க வேண்டும், நியமங்கள் முறையாக மீளாய்வு செய்யப்பட்டு, தேவையெனில் நடப்பு நிலவரத்துக்கேற்பத் திருத்தப்பட வேண்டும் என்பது நிபந்தனை. எனவே ஏப்ரல் இறுதியில் கிடங்கில் இருக்கும் சிப்ஸை 1.20 பவுண்ட் எண்ணெய்க் கணக்கில் மதிப்பிட்டுவிட்டு, வித்தியாசம் முழுவதையும் அந்த மாதச் செலவாக எழுதிவிட முடியாது.

விலை இறங்கும்போது

பாதகமான எண்கள் கேள்விகளை எழுப்புகின்றன. சாதகமான எண்களைப் பொதுவாக எவரும் விசாரிப்பதில்லை. ஆகவே காலாவதியான நியமம் அதிகச் சேதம் விளைவிப்பது விலை இறங்கும் காலத்தில்தான் என்று வாதிட இடமுண்டு.

உக்ரைன் தானிய ஏற்றுமதிக்கு 2022 ஜூலையில் உடன்பாடு ஏற்பட்டது. அதன் பின் விலைகள் படிப்படியாகத் தணிந்து, 2023இன் நடுப்பகுதியில் சூரியகாந்தி எண்ணெய் போருக்கு முந்தைய நிலைக்கும் கீழே இறங்கியது. நமது தொழிற்சாலை 2022இன் உச்சத்தைக் கண்டு அஞ்சி, அடுத்த ஆண்டுக்கு 2.05ஐயே நியமமாக வைத்துக்கொண்டது என்போம். 2023 ஜூனில் கொள்முதல் அதிகாரி 1.22க்கு வாங்குகிறார். அறிக்கை கிலோவுக்கு 83 பென்ஸ் சாதகம் என்கிறது. அவருக்கு ஊக்கத் தொகையும் கிடைக்கலாம். அதே நாளில் சந்தை விலை 1.10 என்றால், அவர் கிலோவுக்கு 12 பென்ஸ் அதிகமாகக் கொடுத்திருக்கிறார். 36,000 கிலோவுக்கு அது 4,320 பவுண்ட் இழப்பு. பழைய நியமத்தின் நிழலில் அது எவர் கண்ணிலும் படாது.

நியமம் பழையதாகிவிட்டதா என்பதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. விலை மாறுபாட்டை மாதந்தோறும் ஒரு வரைபடத்தில் குறித்து, அதனருகே சந்தை விலையையும் குறித்துப் பாருங்கள். இரண்டு கோடுகளும் சேர்ந்தே ஏறி இறங்கினால், அந்த அறிக்கை அதிகாரியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, சந்தையை மட்டுமே சொல்கிறது. தொடர்ந்து பல மாதங்கள் மாறுபாடு ஒரே திசையில் இருப்பதும், வெவ்வேறு விநியோகஸ்தர்களிடம் வாங்கிய எல்லாவற்றிலும் அது ஒரே அளவில் இருப்பதும் மற்ற அறிகுறிகள். மேலாளர்கள் அறிக்கையைத் திறக்காமலேயே 'விலையேற்றம்' என்று விளக்கக் கட்டத்தில் எழுதத் தொடங்கிவிட்டால், அங்கே நியமம் ஏற்கெனவே செத்துவிட்டது.

விலை சற்றே அசையும் ஒவ்வொரு முறையும் நியமத்தைத் திருத்த வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. மாதந்தோறும் திருத்தப்படும் நியமம், நடந்ததைப் பின்தொடரும் நிழலாகிவிடும். எந்த இழப்பையும் திட்டமிடல் பக்கம் தள்ளிவிடும் பழக்கமும் வளரும். ஆண்டு முழுவதும் அசல் நியமத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, சந்தை விலை அதிலிருந்து முன்கூட்டியே வகுத்த ஒரு வரம்பைத் தாண்டும்போது மட்டும், அறிக்கையில் திருத்திய நியமத்தை அதனருகே காட்டுவது ஒரு நடுவழி. வரம்பு பத்து சதவீதமா இருபதா என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். உப்புக்கும் உறைப்பொருளுக்கும் அந்த உழைப்பு தேவையில்லாமல் போகலாம். மேற்கண்ட தொழிற்சாலையில் எண்ணெய்க்கும் உருளைக்கிழங்குக்கும், 2022இல் ஐரோப்பா முழுவதும் விலை எகிறிய எரிவாயுவுக்கும் தேவைப்பட்டிருக்கும்.